வீடியோ அழைப்பில் நெற்றி வெட்டுப்படும்போது செய்யும் தவறுகள்

வீடியோ அழைப்பில் முகம் திரை முழுவதும் அடைத்துக்கொண்டு, நெற்றி மேலே வெட்டுப்பட்டுத் தெரிந்தால், பெரும்பாலோர் முதலில் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார்கள்; அடுத்து அழைப்புச் செயலியை நீக்கி மீண்டும் நிறுவுகிறார்கள். காட்சி எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்று பார்க்காமல் இவற்றைச் செய்வதே முதல் தவறு. கேமரா, இயங்குதளம், அழைப்புச் செயலி, எதிரில் இருப்பவரின் திரை ஆகிய நான்கில் எதுவும் படத்தை வெட்டக்கூடும்.

அழைப்பை முழுவதும் மூடிவிட்டு, கணினியோடு வரும் கேமரா செயலியைத் திறந்து பாருங்கள். அங்கும் முகம் நெருங்கித் தெரிந்தால், அழைப்புச் செயலியின் அமைப்புகளைத் துழாவுவதில் பயனில்லை.

என் தங்கைக்கு இப்படித்தான் ஆயிற்று. லினக்ஸ் கணினியில் யூ.எஸ்.பி. கேமராவை வைத்து வகுப்பெடுக்கும் அவள், செயலியை இரண்டு முறை மீண்டும் நிறுவியும் கன்னமும் மூக்கும்தான் தெரிந்தன. கேமரா செயலியிலும் அதே காட்சி. முனையத்தில் கேமராவின் கட்டுப்பாடுகளைப் பட்டியலிட்டபோது, இயல்பாக 100 ஆக இருக்க வேண்டிய `zoom_absolute` 200 என்று இருந்தது. கீழே முதல் வரி பட்டியலிடுவது; மாற்ற இரண்டாவது வரி மட்டுமே போதுமானதாக இருந்தது:

```
v4l2-ctl --list-ctrls
v4l2-ctl -c zoom_absolute=100
```

அவளுடைய கேமராவில் லென்ஸ் நகர்வதில்லை, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே ஜூம். 200 என்றால் அகலத்திலும் உயரத்திலும் பாதி, அதாவது 1920×1080 படத்தில் 960×540 அளவு மட்டுமே மிஞ்சுகிறது. முகம் பெரிதாவதோடு படமும் மங்கியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கேமராவோடு வந்த மென்பொருளில் எப்போதோ நகர்த்திய ஜூம் அளவு, அந்த மென்பொருள் தொடங்கும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்துவிடக்கூடும் என்பதால், அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஜூம் சரியாக இருந்தும் நீங்கள் அசையும்போது காட்சி உங்களைப் பின்தொடர்ந்தால், தானாகச் சட்டமிடும் வசதி இயங்குகிறது என்று பொருள். அதை ஆதரிக்கும் விண்டோஸ் 11 கணினிகளில் கேமரா அமைப்புகளுக்குள் `Automatic framing` என்றும், ஆதரிக்கும் ஆப்பிள் கருவிகளில் `Center Stage` என்றும் இருக்கும். மேக்கில் கேமரா இயங்கும்போது மேல் பட்டையில் தோன்றும் வீடியோ குறியீட்டிலிருந்தே இதை நிறுத்தலாம்.

கேமரா செயலியில் படம் ஒழுங்காக இருந்து, அழைப்பில் மட்டும் உங்கள் பக்கம் நெருங்கித் தெரிந்தால், அப்போதுதான் அழைப்புச் செயலியின் வீடியோ அமைப்புகளைப் பார்ப்பதில் பொருள் உண்டு. உங்கள் முன்னோட்டம் முழுமையாக இருக்க, "முகம் பாதிதான் தெரிகிறது" என்று மற்றவர் சொன்னால், பல பேர் சேர்ந்த கூட்டத்தில் அவரது செயலி உங்கள் அகலமான படத்தைச் சதுரக் கட்டத்தில் நிரப்ப இடது, வலது ஓரங்களை வெட்டியிருக்கலாம். டீம்ஸில் அவர் உங்கள் படத்துக்கு `Fit to frame` என்பதைத் தேர்ந்தால், அவர் திரையில் முழுப் படமும் வந்துவிடும்; அந்தத் தேர்வு அவருக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், நீங்கள் உங்கள் கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.