டி கலமும் சிடி28-உம்: ஆய்வுத்தட்டின் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதுளை, ஹட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து பேராதனைக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளிடம் நோயெதிர்ப்பைச் செய்யும் டி கலம் எப்படித் தூண்டப்படுகிறது என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் வரும். டி கல வாங்கி தருவது முதல் சமிக்ஞை, அதன் மேற்பரப்பில் இருக்கும் சிடி28 என்ற புரதம் தருவது இரண்டாவது, இரண்டும் சேர்ந்தால் முழுத் தூண்டல். பரீட்சைக்கு இது போதும். "சரி, முதலாவது மட்டும் கிடைத்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் நடக்காது சேர்" என்பார்கள். இதுதான் அடிப்படைத் தவறு. ஆய்வுகூடத்தில் நான் பார்க்கும் மற்றப் பிழைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வகுப்புகளில் இதற்கு வங்கி லொக்கரை உதாரணம் காட்டுவது வழக்கம். இரண்டு சாவியும் இருந்தால்தான் திறக்கும். ஆனால் ஒரு சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனால் லொக்கருக்கு எதுவும் ஆகாது, மறுநாள் இரண்டு சாவியோடு வந்தால் திறந்துகொள்ளும். டி கலம் அப்படி இல்லை. முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்த கலம் உள்ளுக்குள் மாறிவிடுகிறது. பிறகு இரண்டு சமிக்ஞையும் சேர்த்துக் கொடுத்தாலும் பதில் சொல்ல மறுக்கிறது. இந்த நிலைக்குப் பெயர் அனர்ஜி. 1987இல் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும் பிறபொருளெதிரியாக்கியைக் காட்டும் கலங்களை இரசாயனத்தால் நிலைப்படுத்திச் செயலறச் செய்து, அவற்றோடு டி கலக் குளோன்களைச் சேர்த்தார்கள். நிலைப்படுத்திய கலத்தில் பெப்டைட் இருந்தது, அதைத் தாங்கும் எம்எச்சியும் இருந்தது. இணைத்தூண்டல் என்ற இரண்டாவது சமிக்ஞை மட்டும் இல்லை. அந்தக் குளோன்கள் அப்போது பெருகவில்லை. பின்னர் நல்ல கலங்களைக் கொடுத்தபோதும் பெருகவில்லை.

ஏன் இப்படி என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வாங்கி பெப்டைட்டைப் பிடித்ததும் எல்சிகே என்ற நொதியம், வாங்கியோடு சேர்ந்திருக்கும் சிடி3 புரதத்தின் வால்களில் பொஸ்பேற்றை ஏற்றுகிறது. அந்த இடத்தில் ஸாப்-70 வந்து ஒட்டி, லாட் என்ற தாங்கிப் புரதத்தைக் குறிக்கிறது. அங்கிருந்து வழி பிரிகிறது. ஒரு கிளை கல்சியத்தை உயர்த்தி, கல்சினியூரின் மூலம் என்ஃபாட் என்ற புரதத்தைக் கருவுக்குள் அனுப்புகிறது. இன்னொன்று ராஸ் வழியாக ஏபி-1ஐ உருவாக்குகிறது. மூன்றாவது என்எஃப்-கப்பாபியை எழுப்புகிறது. கலத்தைப் பெருகச் சொல்லும் ஐஎல்-2 என்ற புரதத்தின் ஜீனின் முன்பகுதியில் என்ஃபாட்டும் ஏபி-1உம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும்.

சிடி28 இல்லாமல் கல்சியக் கிளை ஓரளவு நன்றாகவே ஓடுகிறது. மற்ற இரண்டும் மெலிந்துபோகின்றன. அப்போது என்ஃபாட் துணையில்லாமல் கருவுக்குள் போய் நிற்கிறது. அது சும்மா நிற்பதில்லை, வேறு ஜீன்களைத் திறக்கிறது. சிபிஎல்-பி, கிரெயில் என்ற இரண்டும் சமிக்ஞைப் புரதங்களுக்கு யுபிக்குவிட்டின் அடையாளம் போட்டு அவற்றின் வேலையைத் தடுப்பவை. டிஜிகே-ஆல்ஃபா என்ற நொதியம் ராஸை எழுப்ப வேண்டிய டயசில்கிளிசரோலையே வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அடுத்த முறை இரண்டு சமிக்ஞையும் வந்தாலும் ராஸ் கிளை எழும்பாததற்குக் காரணம் இதுதான். முதல் சமிக்ஞை தனியே வந்தால் அது பாதித் தூண்டலாக நிற்பதில்லை, எதிர்த் திசையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவாகிவிடுகிறது. உடம்புக்கு இது தேவை. நம் சொந்தப் புரதங்களைத் தொற்று எதுவும் இல்லாத நேரத்தில் காட்டும் கலங்களில், சிடி28ஐத் தட்டும் சிடி80, சிடி86 என்ற புரதங்கள் குறைவாகவே இருக்கும். கிருமி வந்த அடையாளம் தெரிந்தால்தான் டென்ட்ரிட்டிக் கலம் அவற்றை ஏராளமாக ஏற்றிக் காட்டும்.

இனி ஆய்வுத்தட்டுக்கு வருவோம். பதுளையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி செய்ததை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லாரும் சறுக்கும் இடம் அதில் இருக்கிறது. 96 குழித் தட்டில் சில குழிகளுக்குச் சிடி3 எதிர்ப் பிறபொருளெதிரியை மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் பூசி, இரவு முழுக்க 4 பாகையில் வைத்துக் கழுவினாள். மனித இரத்தத்திலிருந்து பிரித்த, இதுவரை தூண்டப்படாத சிடி4 டி கலங்களைக் குழிக்கு ஒரு இலட்சம் வீதம் போட்டாள். பாதிக் குழிகளுக்குச் சிடி28 எதிர்ப் பிறபொருளெதிரியை 2 மைக்ரோகிராம் அளவில் கரைசலாகச் சேர்த்தாள். 24 மணித்தியாலம் கழித்து, தூண்டலின் அடையாளமாகச் சிடி69 என்ற மேற்பரப்புப் புரதத்தை அளந்தாள். இரண்டு வகைக் குழியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. "சேர், சிடி28 தேவையே இல்லைப் போல இருக்கே" என்று வந்து நின்றாள்.

அவள் அளந்தது பிழையில்லை, தேர்ந்தெடுத்த அடையாளம்தான் பிழை. சிடி69 சில மணித்தியாலங்களிலேயே மேற்பரப்புக்கு வரும், அதற்கு வாங்கியின் சமிக்ஞை மட்டுமே போதும். வாங்கி தூண்டப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. கலம் என்ன முடிவெடுத்தது என்பதை அது சொல்லாது. அதே குழிகளின் மேல்திரவத்தை எடுத்து எலைசாவில் ஐஎல்-2 பார்க்கச் சொன்னேன். வித்தியாசம் அங்கே தெளிவாகத் தெரிந்தது. சிடி28 சேர்த்த குழிகளில் ஐஎல்-2 நிறைய, சேர்க்காதவற்றில் கண்டுபிடிக்கும் எல்லைக்கு அருகே. சிடி28 ஐஎல்-2 ஜீனை எழுப்ப உதவுவதோடு நிற்பதில்லை. அந்த ஜீனின் எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாமலும் காக்கிறது. அதனால்தான் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகிறது.

மூன்றாம் நாள் அவளைத் தட்டின் நிறத்தைப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் கொடுத்த குழிகளில் வளர்ப்புத் திரவம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போயிருந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பருத்த கலங்கள் கொத்துக் கொத்தாக. சிடி3 மட்டும் கிடைத்த குழிகளில் திரவம் இன்னும் இளஞ்சிவப்பு, கலங்கள் சிறியவையாகச் சிதறிக் கிடந்தன. சிடி28 வாலில் பிஐ3 கைனேஸ் ஒட்டி ஆக்ட் என்ற நொதியத்தை எழுப்புகிறது, ஆக்ட் குளுக்கோசு உள்ளே வரும் வாயில்களை மேற்பரப்புக்கு அனுப்புகிறது. பெருகப்போகும் கலம் குளுக்கோசை வேகமாக உடைத்து லக்டிக் அமிலத்தை வெளியே தள்ளும். அந்த அமிலம்தான் நிறத்தை மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரே விடயம் இது என்பதால் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெழுத வேண்டாம், கலங்களின் எண்ணிக்கை கூடிப்போனாலும் திரவம் மஞ்சளாகும்.

சிலருக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். சிடி3 மட்டும் கொடுத்த குழியிலும் கலங்கள் நன்றாகப் பெருகியிருக்கும். உடனே "பாடப்புத்தகம் தப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கலங்களின் தூய்மை. டி கலங்களைப் பிரிக்கும்போது கொஞ்சம் மொனோசைட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அவையே சிடி86ஐக் காட்டி இரண்டாவது சமிக்ஞையைக் கொடுத்துவிடும். பிரிக்காத இரத்தக் கலங்களில் கரைசலாகச் சேர்த்த சிடி3 எதிர்ப் பிறபொருளெதிரிகூட வேலை செய்வதற்குக் காரணமும் இதுதான். மொனோசைட் அதைத் தன் எஃப்சி வாங்கியால் பிடித்து அடுக்கிக் காட்டுகிறது, இணைத்தூண்டலையும் தானே தருகிறது. சந்தேகம் வந்தால் மொனோசைட்டின் அடையாளமான சிடி14க்குச் சாயமிட்டுப் பாருங்கள். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா, ஒரு குழியில் சிடிஎல்ஏ4-ஐஜியைச் சேருங்கள். அது சிடி80, சிடி86 இரண்டையும் சிடி28ஐ விட இறுக்கமாகப் பிடித்து மூடிவிடும். பெருக்கம் விழுந்தால், சிடி28 அங்கே ஒளிந்து வேலை செய்திருக்கிறது.

தூய்மை சரியாக இருந்தும் பெருகினால், பூசிய அளவைப் பாருங்கள். 1996இல் வியோலாவும் லான்சவெக்கியாவும் காட்டியபடி, சிடி28 உதவி இல்லாவிட்டால் ஒரு டி கலம் பதில் சொல்லச் சுமார் 8,000 வாங்கிகள் தூண்டப்பட வேண்டும். உதவி இருந்தால் சுமார் 1,500 போதும். மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் பூசிய குழியில் அந்த உயர்ந்த எல்லையும் தாண்டப்படலாம். உடம்பில் ஒரு கிருமியின் பெப்டைட் அத்தனை அடர்த்தியாகக் கிடைப்பது அரிது. ஆகவே ஒரே அளவில் சோதித்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். 0.1 முதல் 10 வரை படிப்படியாகப் பூசி, சிடி28 உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வளைகோடு வரையுங்கள். குறைந்த அளவுகளில்தான் இரண்டும் விலகி நிற்கும்.

இன்னொரு தவறு, சிடி3 மட்டும் கொடுத்த கலங்கள் பெருகவில்லை என்றதும் "அனர்ஜி" என்று எழுதிவிடுவது. பெருகாததற்குக் கலம் செத்துப்போனதும் காரணமாக இருக்கலாம். சிடி28 தூண்டும் பிசிஎல்-எக்ஸ்எல் என்ற காப்புப் புரதம் இல்லாமல் பல கலங்கள் மடிந்துவிடும். முதலில் உயிருள்ளவற்றைச் சாயத்தால் பிரித்து எண்ணுங்கள். அப்புறம் அவற்றை எடுத்து, தூண்டல் இல்லாமல் சில நாள் ஓய்வில் வைத்து, இரண்டு சமிக்ஞையையும் முழுதாகக் கொடுங்கள். அப்போதும் ஐஎல்-2 வராவிட்டால்தான் அனர்ஜி என்ற பேச்சு. வெளியிலிருந்து ஐஎல்-2 ஊற்றினால் பெருகத் தொடங்குவது அதற்கு இன்னொரு சான்று. இந்தக் கட்டத்தில் பிஎம்ஏ, அயனோமைசின் என்ற இரண்டு இரசாயனங்களைக் கொடுத்துச் சோதிப்பவர்களும் உண்டு. அவை வாங்கியையும் சிடி28ஐயும் தாண்டிப் போய் நேராகக் கீழ்க்கிளைகளைத் தட்டுகின்றன. அனர்ஜிக் கலமும் பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்லும். கலத்தால் ஐஎல்-2 செய்ய முடியும் என்று அது காட்டும், இணைத்தூண்டல் பற்றி எதுவும் சொல்லாது.

கலம் வாங்கக் காசில்லாமல் ஜுர்காட் என்ற இரத்தப் புற்றுநோய் டி கலங்களை வைத்துச் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல வரிசையில் பிடென் என்ற நொதியம் இல்லை. பிடென் இல்லாததால் பிஐ3 கைனேஸின் விளைவு அழிக்கப்படாமல் ஆக்ட் எப்போதும் எழும்பியே இருக்கும். ஜுர்காட்டில் சிடி28 ஆக்ட்டைத் தொடவில்லை என்று எழுதினால் அது சிடி28 பற்றிய செய்தி ஆகாது.

கடைசியாக, "சிடி28ஐ மட்டும் தட்டினால் ஆபத்தில்லை" என்ற நம்பிக்கை. வழக்கமான சிடி28 எதிர்ப் பிறபொருளெதிரிகளைப் பொறுத்தவரை இது உண்மை, முதல் சமிக்ஞை இல்லாமல் அவை பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆனால் பிறபொருளெதிரி சிடி28ஐ எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. டிஜிஎன்1412 என்ற மருந்து இயற்கை இணைப்பிடத்தை விட்டு, மென்சவ்வுக்கு அருகே பக்கவாட்டில் பிடித்தது. அதற்கு முதல் சமிக்ஞை தேவைப்படவில்லை. 2006 மார்ச் 13ஆம் திகதி இலண்டனில் ஆரோக்கியமான ஆறு பேருக்கு, உடல் நிறையின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் அதை ஏற்றினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் சைட்டோகைன் புயல் தொடங்கி, ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், எல்லாரும் உயிர் தப்பினார்கள். அதற்கு முன் குரங்குகளில் இதைவிடப் பன்மடங்கு அளவு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் காரணம் தெரிந்தது. மனிதனில் முன்பே தூண்டப்பட்டு நினைவில் நிற்கும் சிடி4 செயற்கலங்கள் சிடி28ஐத் தாங்கியிருக்கின்றன, அந்தக் குரங்கினத்தில் அதே கலங்கள் அதை இழந்துவிடுகின்றன. மனிதனில்கூட வயது ஏறும்போது சிடி28 இல்லாத சிடி8 கலங்கள் கூடிக்கொண்டே போகும். ஆகவே இருபது வயது மாணவரின் இரத்தத்தில் கிடைத்த விடையை எழுபது வயதுக்காரரின் இரத்தத்தோடு ஒப்பிடும் முன், இரண்டிலும் எத்தனை வீதக் கலங்கள் சிடி28ஐத் தாங்குகின்றன என்று ஒருமுறை சாயமிட்டுப் பாருங்கள்.