முதல் அரை மாரத்தான்: முந்தைய நாள் சோறு, ஓட்டத்தில் ஜெல்

இரண்டரை மணி நேரத்தில் 21 கிலோமீட்டரை முடிக்கப்போகும் 60 கிலோ எடையுள்ளவருக்கு, முந்தைய நாள் கிலோவுக்கு 7 கிராம் வீதம் 420 கிராம் மாவுச்சத்து போதும். இரவில் ஒரே மூச்சாக அடைக்காமல், காலையிலிருந்தே இட்லி, சோறு, வாழைப்பழம் எனப் பிரித்துச் சாப்பிடுங்கள். கீரை, பயறு, எண்ணெய்ப் பலகாரம் அன்று வேண்டாம். ஓடும்போது வயிற்றைப் படுத்தும். எடை ஒரு கிலோ கூடினால் பயம் வேண்டாம், மாவுச்சத்து தசையில் கிளைகோஜனாகச் சேரும்போது அதோடு தங்கும் தண்ணீர்தான்.

ஓட்டத்தில் 25 கிராம் மாவுச்சத்துள்ள எனர்ஜி ஜெல்லை 40, 75, 110ஆவது நிமிடங்களில் எடுங்கள். களைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் தாமதம். கூடவே நாலைந்து மடக்கு வெறும் தண்ணீர். ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கோடு விழுங்கினால் சர்க்கரை அடர்த்தி ஏறி வயிறு பிடித்துக்கொள்ளும். எந்த ஜெல் ஒத்துக்கொள்கிறது என்பதை நீண்ட தூரப் பயிற்சி ஓட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.