ஏழு பிறப்பை மொழிபெயர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வளவு வீடுகளில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குத் திருமணம் நடந்தால், சடங்குகளின் பொருளை ஆங்கிலத்தில் விளக்கும் சிறு கையேடு ஒன்றை விருந்தினருக்குக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றை எழுத வரும் இளைஞர்கள், நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை விட்டுவிடுகிறேன்; அவை யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

ஏழு அடியை ஏழு பிறப்பாக்குவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஏழடி வைக்கும் சடங்கில் மணமகன் சொல்லும் மந்திரத்தில் பிறவி என்ற பேச்சே கிடையாது. மரபுக்கு மரபு சொற்கள் சற்று மாறினாலும், முதல் அடி உணவுக்கு, இரண்டாவது வலிமைக்கு என்று இந்த வாழ்க்கைக்கு வேண்டியவற்றைக் கேட்டுக்கொண்டே போய், இறுதியில் "ஏழடி நடந்தவளே, எனக்குத் தோழியாகு" என்ற வேண்டுகோளில் அது முடிகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், இச்சடங்கு உள்ள திருமணம் ஏழாவது அடியில் முழுமை பெறுகிறது என்றுதான் சொல்கிறது. ஆனால் ஏழு என்ற எண்ணைக் கண்டதும், இந்தித் தொடர்களில் ஏழு பிறவி என்ற பொருளில் கேட்ட 'சாத் ஜனம்' நினைவுக்கு வந்துவிடுகிறது. உடனே "ஏழு பிறப்பிலும் உன் கணவனாக இருப்பேன்" என்று மணமகன் சொல்லாத ஒன்றை எழுதிவிடுகிறார்கள்.

கானாடுகாத்தானில் ஒரு திருமணத்துக்கு அப்படித்தான் கையேடு அச்சாகி வந்தது. மாப்பிள்ளை கத்தோலிக்கர். தேவாலயத்தில் அவர் கொடுக்கவிருந்த வாக்கு வாழ்நாள் முழுவதற்குமானது. அது இறப்போடு முடிந்துவிடும். மறுபிறவியை அவருடைய திருச்சபை ஏற்பதில்லை. திருமணத்துக்கு முதல் நாள் கையேட்டைப் படித்த அவருடைய தாயார், நம்பாத ஒன்றைத் தம் மகன் அக்கினி முன் வாக்காகக் கொடுக்கப்போகிறானா என்று பெண் வீட்டாரிடம் கேட்டார். எழுதிய பையன் பதறிப்போய், 'ஏழு பிறப்பிலும்' என்பதை 'நித்தியத்திற்கும்' என்று மாற்றி, ஒட்டுத்தாள் அடித்துக் கொண்டுவந்தான். அது இன்னும் மோசமாயிற்று. மத்தேயு நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில், ஒருவர் பின் ஒருவராக ஏழு சகோதரர்களை மணந்த பெண் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவியாவாள் என்று கேட்டவர்களுக்கு, அங்கே கொள்வனையும் இல்லை கொடுப்பனையும் இல்லை என்று இயேசு விடை சொல்கிறார். மறுபிறவி கத்தோலிக்கர்களுக்கு அயலான கருத்து, அவ்வளவுதான். நித்தியத் திருமணமோ அவர்களுடைய வேதமே மறுக்கும் கருத்து. ஒட்டுத்தாளோடு கையேடு முழுவதும் குப்பைக்குப் போனது, அச்சுக்கூலி பெண் வீட்டார் தலையில் விழுந்தது. கடைசியில் மந்திரத்தின் பொருளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபோது, அந்த அம்மாளுக்கு அதில் மறுக்க எதுவுமே இருக்கவில்லை.

ஆகவே முதலில் சடங்கை நடத்தி வைப்பவரிடம், ஏழடி உண்டா, எந்த மந்திரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாலி கட்டும் திருப்பூட்டுதலோடு முடித்துக்கொள்ளும் வீட்டில் அந்தப் பக்கமே தேவைப்படாது.

ஆண்டாளின் வரியை மணமகன் வாயில் வைப்பது

பிறவி என்ற பேச்சு நம் திருமணப் பாடலில் உண்டு. அம்மி மிதிக்கும் இடத்தில் "இம்மைக்கும் ஏழேழ் பிறவிக்கும் பற்றாவான்" என்கிறாள் ஆண்டாள். ஆனால் அடுத்த சொற்களைப் படித்தால், பற்றாக இருப்பவன் "நம்மை உடையவன் நாராயணன் நம்பி" என்பது தெரியும். இறைவனையே மணாளனாகக் கண்ட பெண்ணின் உறுதி அது. பாடலின் பொருளாக அதைத் தாராளமாகத் தரலாம். மாப்பிள்ளையின் வாக்குறுதியாகத் தரக்கூடாது.

எண்ணை எண்ணாகவே எழுதுவது

'ஏழேழ்' கணக்கன்று. வெறும் ஏழு என்று ஆங்கிலத்தில் போட்டால், எட்டாவதில் என்ன என்று பந்தியில் ஒருவராவது கேட்பார்.

இம்மையைத் தொலைப்பது

"இம்மைப் பிறப்பில் பிரியலம்" என்று கணவன் சொன்னதும் மனைவியின் கண் நிறைந்துவிடுகிறது, குறளில். அப்படியானால் மறுமையில் பிரிவோமா என்பது அவள் அழுகையின் காரணம். 'என்றும் பிரியோம்' என்று மொழிபெயர்ப்பவர் அவள் அழுவதற்குக் காரணமே இல்லாமல் செய்துவிடுகிறார். மறுபிறவியை அறியாத வாசகருக்கு இங்கே ஒரு வரிக் குறிப்பு கொடுக்கத்தான் வேண்டும்.

குறுந்தொகை 49ஐ அழைப்பிதழில் போடுவது

"இம்மை மாறி மறுமை ஆயினும் நீ ஆகியர் எம் கணவனை." அழகான வரிதான். பரத்தையிடம் போய்த் திரும்பிய கணவனிடம் மனைவி சொல்லும் வரியும் அதுவே. 'ஆகியர்' என்பது வாக்கும் அன்று, விருப்பம். "யான் ஆகியர் நின் நெஞ்சு நேர்பவளே" என்று அவள் முடிக்கும்போது, இப்போது உன் நெஞ்சில் இருப்பவள் நானில்லை என்ற குத்தலும் அதற்குள் இருக்கிறது.

மணமக்களிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.