பந்தியில் சாதம் முந்தினால் என்ன ஆகும்?

தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு வளைகாப்பு. சமையலுக்கு ஆள் வைத்திருந்தோம். பரிமாறுவதை வீட்டுப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. 40 இலை, இருபது இருபதாக இரண்டு வரிசை. கறியும் கூட்டும் எடுத்துப் போன பையன்கள் பாதி வரிசையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் அடுக்களையிலிருந்து சாதக் கூடை வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் நானே போடச் சொல்லிவிட்டேன். முதல் இலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா வெறும் சாதத்தைப் பார்த்துக்கொண்டு பருப்புக்காகக் காத்திருந்தார். பருப்பு வந்து, நெய் வருவதற்குள் சாதம் ஆறிவிட்டது. நெய் உள்ளே இறங்காமல் மேலேயே எண்ணெய் மாதிரி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இலையில் பரிமாறும் வரிசைக்குச் சாத்திரம், சம்பிரதாயம் என்று பல காரணம் சொல்வார்கள். நான் பல பந்திகளில் கரண்டி பிடித்துப் புரிந்துகொண்டது ஒன்றுதான். இலையில் காத்திருந்தாலும் கெடாத பொருள் முதலில் போகும், காத்திருக்க முடியாத பொருள் கடைசியில் போகும். உப்பும் ஊறுகாயும் அரை மணி நேரம் இருந்தாலும் அப்படியே இருக்கும். கறி, கூட்டு பத்து நிமிடம் தாங்கும். அப்பளம் ஐந்து நிமிடத்தில் தளர ஆரம்பிக்கும். சூடான சாதத்துக்கு அந்த அவகாசமும் கிடையாது. பந்தியில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை.

இலை போடுவதிலேயே முதல் தவறு தொடங்கிவிடும். நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். சாதம் பிசைவது வலக்கை, அந்தக் கைக்கு இலையின் அகலமான பக்கம் வேண்டும். குறுகிய நுனிக்குச் சிட்டிகை உப்பும் ஒரு துண்டு ஊறுகாயும் போதும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் புதிதாகப் பரிமாற வருகிற பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் எதிரே நின்று குனிகிறார்கள். சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் அவர்களுக்கு வலப்பக்கமாகத் தெரியும். ‘இடது, வலது’ என்று சொல்லிக் கொடுக்காமல், ‘நுனி எங்கே இருக்கிறதோ அங்கே உப்பு’ என்று சொல்லிவிட்டால் குழப்பமே வராது. நடு நரம்புக்கு மேலே இருக்கும் பாதி பரிமாறுகிறவருக்குப் பக்கம், கீழே இருக்கும் பாதி சாப்பிடுகிறவருக்குப் பக்கம். தொட்டுக்கொள்ளும் வகையெல்லாம் மேல் பாதியில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பிடுகிறவர் கைக்கு மேலே எட்டி, சாதத்தில் சொட்டிக்கொண்டு கூட்டு வைக்க வேண்டியதில்லை.

இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகு ஈரம் தேங்கி நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தேங்கினால் முதலில் வைக்கிற உப்பே கரைந்து ஓடி, பக்கத்தில் இருக்கும் இனிப்புப் பச்சடியில் கலந்துவிடும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நுனியிலிருந்து உப்பு, ஊறுகாய், பச்சடி, கோசுமல்லி, கறி, கூட்டு, அவியல் என்று வரும். வீட்டுக்கு வீடு இதில் ஒன்றிரண்டு இடம் மாறும். சில வீடுகளில் இலை போட்டதும் ஒரு துளி நெய் தொட்டு வைப்பார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் முன்னால் வலது கீழ் மூலையில் ஒரு கரண்டி பாயசம் வைப்பார்கள். இதெல்லாம் அவரவர் வழக்கம், தவறு என்று சொல்ல எதுவும் இல்லை. தயிர்ப் பச்சடியில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். வெள்ளரிக்காயோ வெங்காயமோ உப்புப் பட்டவுடன் நீர் விட ஆரம்பிக்கும். காலையிலேயே உப்புப் போட்டுக் கலந்து வைத்த பச்சடியை இலையில் வைத்தால் அது ஒரு இடத்தில் நிற்காது. தயிரும் காயும் தனித்தனியாக இருக்கட்டும், பந்தி உட்காரும்போது உப்புப் போட்டுக் கலக்கினால் போதும். கோசுமல்லிக்கும் இதே கதைதான்.

அப்பளமும் வடையும் சாதத்துக்குச் சற்று முன்னால், இடது கீழ்ப் பக்கத்தில். ‘வேலை முடியட்டும்’ என்று உப்பு வைக்கும்போதே அப்பளத்தையும் போட்டுவிடுவது பெரிய தவறு. இலையில் ஈரம், பக்கத்தில் கூட்டின் ஆவி. சாதம் வருவதற்குள் அப்பளத்தின் ஓரம் சுருங்கி, தொட்டால் வளையும். நொறுங்கும் சத்தம் கேட்கவில்லை என்றால் அப்பளம் முந்திவிட்டது என்று அர்த்தம். கூட்டு நடு நரம்பைத் தாண்டிக் கீழே வழிந்து ஓடினால் அப்பளத்தையும் நனைத்துவிடலாம், அதனால் கூட்டுக் கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லது.

இப்போது சாதத்துக்கு வருகிறேன். எங்கள் வளைகாப்பில் சறுக்கியது இங்கேதான். ஓர் இலைக்குச் சாதம் வைக்க சுமார் 5 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 இலை முடிய 100 விநாடி. சாதம் முழு வரிசையும் முடிந்த பிறகுதான் பருப்புக் கிளம்பும், பருப்பு முடிந்த பிறகுதான் நெய் என்றால் முதல் இலைக்காரருக்கு நெய் கிடைக்க 200 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல். சாதம் ஆறுவதற்கு அது தாராளம். அதுவே சாதம் மூன்று இலை தாண்டியதும் பருப்பு, பருப்பு மூன்று இலை தாண்டியதும் நெய் என்று ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால், எந்த இலையிலும் சாதம் விழுந்து அரை நிமிடத்தில் நெய் விழுந்துவிடும். ஒரு வரிசைக்கு மூன்று பேர், இரண்டு வரிசைக்கு ஆறு பேர். ஆறு பேர் இல்லையென்றால் இரண்டு வரிசையையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசி இலைக்குக் கறி போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே சாதக் கூடை அடுக்களையை விட்டு வெளியே வர வேண்டும். இதைச் சொல்வதற்கென்றே வாசலில் ஒருவரை நிறுத்துவது நல்லது. அந்த ஆள் கையில் கரண்டியே கொடுக்க வேண்டாம்.

நெய் இலைக்கு ஒரு சின்னக் கரண்டி, சுமார் 5 மில்லி. 40 இலைக்கு 200 மில்லி ஆகும். இரண்டாம் தடவை கேட்பவர்களையும் சேர்த்து அரை லிட்டர் உருக்கி, சூட்டோடு சின்னப் பாத்திரத்தில் எடுத்துப் போக வேண்டும். பெரிய பாத்திரத்தில் கொண்டுபோனால் வரிசை முடிவதற்குள் சூடு போய்விடும்.

பருப்பும் நெய்யும் ஏன் முதலில்? பருப்பில் புளியும் இல்லை, காரமும் இல்லை. பசியோடு உட்காருகிறவருக்கு முதல் கவளம் மிதமாக இருக்கும். நெய்யின் மணமும் பருப்பில்தான் முழுதாகத் தெரியும், சாம்பார் விழுந்த பிறகு ஊற்றினால் புளியும் பெருங்காயமும் அதை அமுக்கிவிடும். சில வீடுகளில் பருப்பை உப்பில்லாமலேயே வேகவைப்பார்கள். அங்கே நுனியில் வைத்த உப்புக்கு முதல் வேலை இப்போதுதான் வரும். பருப்பு சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போதே சாம்பாரைத் தலையில் ஊற்றுவது இன்னொரு தவறு. முன்னால் உட்கார்ந்திருப்பவர் நாலு வாய் எடுத்துவிட்டாரா என்று பார்த்து, ‘சாம்பார் விடட்டுமா?’ என்று கேட்டுவிட்டு ஊற்ற வேண்டும்.

சாம்பாருக்குப் பிறகு வத்தக்குழம்போ மோர்க்குழம்போ, அப்புறம் ரசம். கெட்டியிலிருந்து நீர்ப்பாக இறங்கும் வரிசை இது. இலைக்கு விளிம்பு கிடையாது என்பதை நினைவில் வைத்தால் காரணம் தானாகப் புரியும். கெட்டியான குழம்பு விழுந்த இடத்தில் நிற்கும், ரசம் ஓடும். முதலிலேயே ரசம் ஊற்றி இலையை நனைத்துவிட்டால், அடுத்து வருகிற சாம்பாரும் அந்த ஈரத்தில் வழுக்கிக்கொண்டு மடிக்குத்தான் வரும்.

ஆகவே ரசத்துக்குப் புதிதாகச் சாதம் போட வேண்டும். ஆரம்பத்திலேயே மலைபோல் சாதம் குவித்துவிட்டு ‘இருக்கே, இதிலேயே ரசம் விட்டுக்கோங்க’ என்று சொல்வது வேலையைக் குறைக்கும், ஆனால் ரசம் வரும்போது அது ஆறிப்போய், பாதி சாம்பார் பட்டுக் கிடக்கும். முதலில் கொஞ்சம், ரசத்துக்குக் கொஞ்சம், தயிருக்குக் கொஞ்சம் என்று மூன்று நடை நடந்தாலும் மொத்தச் சாதம் குறையத்தான் செய்யும், வீணாவதும் குறையும். சூடான சாதத்தில் நடுவில் குழி செய்து கரையை உயர்த்திக்கொண்டால் ரசம் அடங்கி நிற்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ‘தெளிவா, கலக்கியா?’ என்று கேட்பது வெறும் உபசாரம் இல்லை. அடியில் பருப்பு தங்கியிருக்கும், சிலருக்கு மேலே நிற்கும் தெளிவுதான் பிடிக்கும்.

கறியும் கூட்டும் இரண்டாம் தடவை வர வேண்டியது சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில். பல பந்திகளில் எல்லோரும் தயிர்சாதத்தில் இருக்கும்போது அவியல் வாளி வரும், யாரும் கைகாட்ட மாட்டார்கள்.

பாயசம் எங்கள் பக்கம் ரசத்துக்குப் பிறகு. கேரளத்துச் சத்யாவில் சாம்பார் முடிந்ததும் பாயசம், அதன் பிறகு ரசம், மோர் என்று வைப்பதுண்டு. எந்த முறையானாலும் மோரோ தயிரோ கடைசிதான், தித்திப்பு தங்கிய நாக்கை அதுதான் தேற்றும். இலையில் பாயசம் ஊற்றுவதாக இருந்தால் ரசம் ஓடிய இடத்தில் ஊற்றாதீர்கள். சாப்பிடுகிறவர் ஒதுக்கிக் காட்டும் சுத்தமான இடத்தில் ஒரு கரண்டி போதும். சேமியாப் பாயசம் நேரம் ஆக ஆக இறுகும், பந்திக்கு முன் கொஞ்சம் சூடான பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். அதிகம் தளர்ந்துவிட்டால் டம்ளரில் கொடுத்துவிடுங்கள். பாயசத்தில் அப்பளம் நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்காக ஒரு கூடை அப்பளத்தை அடுக்களையிலேயே நிறுத்தி வைத்து, பாயசத்தோடு அனுப்புங்கள்.

தயிர்சாதம் வரும்போது ஊறுகாய்க் கிண்ணம் கட்டாயம் கூட வர வேண்டும். முதலில் வைத்த துண்டு பெரும்பாலும் சாம்பார்சாதத்திலேயே தீர்ந்திருக்கும். அந்த வளைகாப்பின் இரண்டாம் பந்தியில் பெரியப்பா வாசலில் நின்றுகொண்டு, ‘கறி கடைசி இலைக்குப் போயாச்சா?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் சாதக் கூடையை வெளியே விட்டார். ஊறுகாய்க் கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டார்.