பட்டம் இல்லாமல் மேப்பிங் வேலை தேடுகிறீர்களா? ஒரு கண்மாயிலிருந்து தொடங்குங்கள்

ஜி.ஐ.எஸ். வேலைக்கு நீங்களாகவே படித்துவிட்டு, "எனக்கு மேப்பிங் தெரியும்" என்று ரெஸ்யூமேயில் எழுதினால் அதைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் அந்த வழியைத் தருகிறது. 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய இந்த வரைபடத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உங்கள் பயனர் பெயரோடும் தேதியோடும் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகிறது.

1. openstreetmap.org-இல் கணக்குத் தொடங்குங்கள். ரெஸ்யூமேயில் போடத் தகுந்த பயனர் பெயராக இருக்கட்டும்.

2. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்து, நேரில் போங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கண்மாய் வெறும் பொட்டல் போலத் தெரியும். வெளியூர்க்காரர் அதைப் பார்த்து, காலி நிலம் என்று நினைத்துவிடுவார். போனில் ஜி.பி.எஸ். பதிவை ஓடவிட்டுக் கரை மேல் நடந்து வாருங்கள். மடையையும் வரத்துக்காலையும் படம் எடுங்கள். அங்கே ஆடு மேய்ப்பவரிடம், "ஐயா, இதுல தண்ணி எந்த மாசம் வரைக்கும் நிக்கும்?" என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிச் சித்திரையில் காய்ந்துவிடும் என்றால், அது வரைபடத்தில் ஏற வேண்டிய தகவல்.

3. எடிட்டரில் எல்லையை வரைந்து, இந்தக் குறிச்சொற்களைக் கொடுங்கள்:

```
natural=water
water=reservoir
intermittent=yes
name:ta=(ஊரார் சொல்லும் பெயர்)
```

நீங்கள் நடந்த ஜி.பி.எஸ். தடமும் எடிட்டரின் பின்னணியில் உள்ள செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கரையும் ஒரே பக்கமாகச் சீராக விலகியிருந்தால், பின்னணிப் படம் நகர்ந்திருக்க வாய்ப்புண்டு. முதலில் படத்தைச் சரிசெய்துவிட்டு வரையுங்கள். மரத்தடியில் மட்டும் தடம் அலைந்தால் அது ஜி.பி.எஸ். பிழை. அப்போது படத்தை அசைக்க வேண்டாம். கூகுள் மேப்பைப் பார்த்து வரையவும் கூடாது. அதன் உரிமம் இடம் தராது, கண்டுபிடித்தால் அந்தத் திருத்தங்களை நீக்கிவிடுவார்கள்.

4. சேமிக்கும்போது கேட்கும் குறிப்புதான் உங்கள் அறிவு வெளியே தெரியும் இடம். "கண்மாய் சேர்த்தேன்" என்பது போதாது. "கரையை நேரில் நடந்து பதிந்தேன். கோடையில் வற்றுவதாக ஊரார் சொன்னதால் intermittent" என்று காரணத்தோடு எழுதுங்கள். திருத்தத்தை மற்றவர் பரிசீலிக்கக் கேட்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள்.

5. யாராவது மறுத்துக் கருத்து எழுதினால் அந்த உரையாடலை முழுமையாக நடத்துங்கள். ஆதாரம் காட்டுங்கள், அவர் சொல்வது சரியென்றால் திருத்திவிட்டு அதையும் அங்கேயே எழுதுங்கள். வேலை கொடுப்பவருக்கு நான் முதலில் அனுப்பச் சொல்வது இந்த உரையாடலின் இணைப்பைத்தான். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள், பிறரோடு எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதை அவர் அதிலேயே படித்துக்கொள்வார். யாரும் கருத்துச் சொல்லாமலும் போகலாம். அப்படியானால் தமிழ்நாட்டில் மேப்பிங் செய்பவர்களிடம் இணைப்பை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரெஸ்யூமேயில் எத்தனை ஆயிரம் திருத்தங்கள் என்று போட வேண்டாம். வீட்டுக் கூரைகளை வேகமாக வரைந்தே அந்த எண்ணை ஏற்றிவிட முடியும். மூன்று திருத்தங்களின் இணைப்பும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும் போதும்.

இதில் தெரிவது களப்பணியும் தரவின் துல்லியமும் மட்டுமே. பகுப்பாய்வு வேலைக்கு இது பற்றாது. அதற்கு, நீங்கள் வரைந்த கண்மாய்களையே கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மேப்பிங் மென்பொருளில் இறக்கி, ஒவ்வொன்றின் பரப்பையும் கணக்கிட்டு, செய்த முறையோடு தனியாக வெளியிடுங்கள்.