அளவுகோலால் லேசரின் அலைநீளம்: உயரத்தை எங்கிருந்து அளப்பது?

எஃகு அளவுகோலின் கோடுகள் மீது லேசர் கற்றையை மிகச் சாய்வாக உரச விட்டால், எதிர்ச் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாகப் புள்ளிகள் தோன்றும். அவற்றின் உயரத்தை அளந்து ஒளியின் அலைநீளத்தைக் கண்டுவிடலாம். லேசருக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான ஆர்தர் ஷாலோ 1965-இல் எழுதிக் காட்டிய சோதனை இது. கருவிகள் எளியவைதான், ஆனாலும் பதிவேடுகளில் 137 நானோமீட்டர், 1130 நானோமீட்டர் என்றெல்லாம் விடைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே: உயரத்தைத் தவறான இடத்திலிருந்து அளப்பது.

கணக்கிடும் சூத்திரம் இது:

```
λ = d (yₙ² − y₀²) / (2 n x²)
```

d என்பது அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளி. x என்பது அளவுகோலிலிருந்து சுவர் வரையுள்ள தூரம். y₀ சாதாரண எதிரொளிப்புப் புள்ளியின் உயரம். yₙ அதற்கு மேலுள்ள n-ஆவது புள்ளியின் உயரம். இந்த உயரங்கள் எல்லாம் அளவுகோலின் தளத்தைச் சுவர் வரை நீட்டினால் அது தொடும் இடத்திலிருந்து அளக்கப்பட வேண்டியவை. சுவரில் அந்த இடத்தில் எந்த அடையாளமும் இருக்காது. அதனால்தான் கை தானாகவே ஏதாவது ஒரு பிரகாசமான புள்ளியில் அளவுநாடாவை வைத்துவிடுகிறது.

ஹீலியம்-நியான் லேசர் (632.8 நானோமீட்டர்), d = 1 மி.மீ., x = 2000 மி.மீ. என்று கொள்வோம். எதிரொளிப்புப் புள்ளி தளத்திலிருந்து 60 மி.மீ. உயரத்தில் இருந்தால், அடுத்த நான்கும் 93.1, 117.3, 137.3, 154.8 மி.மீ. உயரங்களில் விழும். முதல் புள்ளியைக் கொண்டு கணக்கிட்டால் 633.5 நானோமீட்டர், நான்காவதைக் கொண்டு 636. இதே புள்ளிகளை எதிரொளிப்புப் புள்ளியிலிருந்து அளந்து y₀-ஐப் பூச்சியமாக வைத்தால் முதல் புள்ளி 137 தரும், நான்காவது 281 தரும். அளவுகோலைத் தொடாமல் செல்லும் நேர்க்கற்றையின் புள்ளியிலிருந்து அளந்தாலோ 1130, 992. ஒவ்வொரு புள்ளியும் வெவ்வேறு அலைநீளத்தைச் சொல்கிறதென்றால், அளவைத் தொடங்கிய இடம் தவறு என்று பொருள். சராசரி எடுத்து அதை மறைத்துவிடாதீர்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கற்றையில் பாதி அளவுகோலின் முனையைத் தாண்டி நேராகச் சுவருக்குப் போகட்டும். அது தளத்துக்குக் கீழே 60 மி.மீ.யில் விழும். மேசை அதை மறைக்காதபடி அளவுகோலை மேசையின் விளிம்பில் வையுங்கள். நேர்ப்புள்ளிக்கும் எதிரொளிப்புப் புள்ளிக்கும் சரிநடுவே இருப்பதுதான் நீங்கள் தேடும் பூச்சியம்.

எதிரொளிப்புப் புள்ளி எது என்பதிலும் குழப்பம் வரும். சாய்வு சற்றே கூடி y₀ 100 மி.மீ. ஆனால், அதற்குக் கீழே 70 மி.மீ. அளவில் இன்னொரு புள்ளி முளைக்கும். அது மறுபக்க வரிசையைச் சேர்ந்தது. ‘எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதுதான் எதிரொளிப்புப் புள்ளி’ என்று எண்ணினால் எண்ணிக்கையே ஒன்று தள்ளிப்போகும். அளவுகோலைப் பக்கவாட்டில் நகர்த்திக் கோடில்லாத பகுதியில் கற்றையை விழச் செய்யுங்கள்; மற்றவை மறைந்து எதிரொளிப்புப் புள்ளி மட்டும் நிற்கும். நகர்த்தும்போது முகத்தைக் கற்றையின் மட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். பளபளக்கும் எஃகு ஒளியை எந்தப் பக்கமும் திருப்பிவிடும்.

அடுத்தது கோட்டு இடைவெளி. அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள பக்கத்தில் கற்றை விழுந்திருக்க, d = 1 மி.மீ. என்று போட்டால் விடை சுமார் 1266 நானோமீட்டர் ஆகும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது. சுவரிலோ சிவப்பு தெரிகிறது! முழு மில்லிமீட்டர் கோடுகள் நீளமாகவும் அரைக்கோடுகள் குட்டையாகவும் இருக்கும் அளவுகோலில், கற்றை இரண்டையும் தொட்டால் பிரகாசமும் மங்கலுமாகப் புள்ளிகள் மாறி மாறி வரும். அப்போது எல்லாவற்றையும் எண்ணினால் d = 1 மி.மீ.; பிரகாசமானவற்றை மட்டும் எண்ணினால் 0.5. இரண்டையும் கலக்கக் கூடாது.

தூரத்தை அளவுகோலின் முனையிலிருந்து அளப்பவர்களும் உண்டு. y₀ 60 மி.மீ. ஆக இருக்கும் சாய்வில் 1 மி.மீ. தடிமனுள்ள கற்றை அளவுகோலில் ஏறக்குறைய 33 மி.மீ. நீளத்துக்குப் படர்கிறது. அந்த ஒளித்தடத்தின் நடுவிலிருந்துதான் x-ஐ அளக்க வேண்டும். தடத்தின் ஓரத்திலிருந்து அளந்தால் பிழை 17 மி.மீ.தான், ஆனால் சூத்திரத்தில் x வர்க்கமாக வருவதால் அலைநீளம் சுமார் 11 நானோமீட்டர் பிசகிவிடும்.