மின்னணுப் பயண அனுமதி உண்மையில் கிடைத்துவிட்டதா? விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் சரிபார்க்கும் முறை

இணையத்தில் படிவத்தை நிரப்பி, பணம் கட்டி, மின்னஞ்சலும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வந்த மின்னஞ்சல் பணம் பெற்றதற்கான ரசீதாக மட்டுமே இருக்கலாம். அனுமதியே வந்திருந்தாலும், அது உங்கள் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் எண்ணோடு சேராமல் போயிருக்கலாம். இரண்டுமே பெரும்பாலும் விமான நிலையத்தின் செக்-இன் மேசையில்தான் தெரியவருகின்றன என்பதால், அவற்றை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்களிடம் கேட்கப்படுவது அறிவிப்பா, அனுமதியா?

சிங்கப்பூர், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகள் கேட்கும் மின்னணு வருகை அட்டை ஓர் அறிவிப்பு. முன்பு விமானத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுத்த விவரங்களை இப்போது இணையத்தில் தருகிறோம், அவ்வளவுதான். அதற்குக் கட்டணம் இல்லை. அது விசாவுக்கு மாற்றும் இல்லை. விசா தேவைப்படுபவர் அதைத் தனியாக வாங்கத்தான் வேண்டும்.

அறிவிப்பில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. சிங்கப்பூர் அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். 19ஆம் தேதி இரவு புறப்பட்டு 20ஆம் தேதி காலையில் இறங்குபவருக்கு 18, 19, 20 ஆகியவைதான் அந்த நாள்கள். புறப்படும் தேதியை வைத்துக் கணக்கிட்டால் பிழையாகிவிடும்.

கனடா, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவை விசா தேவையில்லாத பயணிகளிடம் கேட்பது மின்னணுப் பயண அனுமதி. இதில் அந்த நாட்டு அரசு உங்கள் விவரங்களைப் பார்த்து ஒரு முடிவெடுக்கிறது; ஆகவே படிவத்தை அனுப்பியதும் முடிவு வந்ததும் ஒன்றல்ல. உள்ளே நுழையாமல் விமானம் மாறுவதற்கு மட்டும் போகும் நாட்டுக்கும் இது தேவைப்படலாம். கனடாவின் விமான நிலையம் வழியாகச் செல்பவர்களுக்கும் அந்நாட்டின் அனுமதி வேண்டும்.

படி 2: அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள்

தேடுபொறியில் மேலே வரும் விளம்பரங்களில் பல இடைத்தரகர்களுடையவை. கனடாவின் கட்டணம் 7 கனடிய டாலர். அதைப் பல மடங்காகக் கேட்கும் தளத்தைக் கண்டால் முகவரியைப் பாருங்கள். கனடாவுக்கு canada.ca அல்லது gc.ca, அமெரிக்காவுக்கு .gov, பிரிட்டனுக்கு gov.uk என்று அது முடிய வேண்டும். பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, நடுவில் ஒருவர் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்கிறார் என்பதே எனக்குப் பெரிய கவலை.

படி 3: பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகப் பதியுங்கள்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். அனுமதி உங்கள் பெயருக்கு வழங்கப்படும் தாள் அல்ல. அது பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் இணைக்கப்படும் ஒரு பதிவு. செக்-இன் மேசையில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும்போது விமான நிறுவனத்தின் கணினி அந்த நாட்டு அரசின் கணினியிடம் கேட்கிறது; இந்த எண்ணுக்கு அனுமதி உண்டா இல்லையா என்ற விடை திரும்பி வருகிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும், நீங்கள் அச்சிட்டு எடுத்துச் சென்ற தாளால் பயனில்லை.

அடிக்கடி நேரும் பிழை, O என்ற எழுத்துக்கும் 0 என்ற சுழியத்துக்கும் இடையிலான குழப்பம். எடுத்துக்காட்டாக ஒருவருடைய எண் XO045213 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது இடத்தில் இருப்பது எழுத்து. மூன்றாவது இடத்தில் இருப்பது சுழியம். அச்சில் பார்த்தால் ஐயம் வரும். அப்போது படம் உள்ள பக்கத்தின் அடியில் < குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளில், கீழ்வரியின் தொடக்கத்தைப் பாருங்கள்.

```
XO045213<4
```

முதல் ஒன்பது இடங்கள் பாஸ்போர்ட் எண்ணுக்கு உரியவை. எண் குறுகியதாக இருந்தால் மீதி இடத்தை < நிரப்பும். பத்தாவதாக உள்ள 4 சரிபார்ப்பு இலக்கம். அது உங்கள் எண்ணின் பகுதி அல்ல, படிவத்தில் அதைச் சேர்த்து எழுதக் கூடாது. ஆனால் ஐயத்தைத் தீர்க்க அது உதவும். இலக்கங்களை அப்படியே வைத்து, எழுத்துகளுக்கு A என்றால் 10, B என்றால் 11 என்று தொடர்ந்து மதிப்புக் கொடுத்து (O 24, X 33), < குறிக்குச் சுழியம் வைத்து, ஒவ்வொன்றையும் முறையே 7, 3, 1, 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் அந்தச் சரிபார்ப்பு இலக்கமாக இருக்க வேண்டும்.

இங்கே 231, 72, 0, 28, 15, 2, 7, 9, 0 ஆகியவற்றைக் கூட்டினால் 364. கடைசி இலக்கம் 4, பொருந்துகிறது. இரண்டாவது இடத்தையும் சுழியமாகக் கொண்டிருந்தால் கூட்டுத்தொகை 292 ஆகி, கடைசி இலக்கம் 2 என்று வந்திருக்கும். ஐயம் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. இருப்பவர்களுக்கு ஐந்து நிமிட வேலைதான்.

படி 4: வந்த மின்னஞ்சல் எது என்று படியுங்கள்

விண்ணப்பம் கிடைத்தது, பணம் பெறப்பட்டது, அனுமதி வழங்கப்பட்டது ஆகிய மூன்றும் வெவ்வேறு செய்திகள். கனடாவின் அனுமதி மின்னஞ்சலில் பாஸ்போர்ட் எண் இருக்கும். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாக ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் திருத்தும் வழி இல்லை. சரியான எண்ணோடு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் தளத்தில் நிலையைப் பார்க்கும்போது Authorization Approved என்றிருந்தால் மட்டுமே அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். Authorization Pending என்பது இன்னும் முடிவாகவில்லை என்பதையும், Travel Not Authorized என்பது அனுமதி மறுக்கப்பட்டதையும் குறிக்கும். மறுக்கப்பட்டவர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

மின்னஞ்சல் வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியைப் பார்த்துவிட்டு, அரசின் தளத்தில் உள்ள நிலை அறியும் பக்கத்துக்கே செல்லுங்கள். அதற்கு விண்ணப்ப எண் தேவைப்படும் என்பதால், அனுப்பிய உடனே அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 5: புறப்படுவதற்குச் சில நாள்கள் முன்பும், முந்தைய நாளும்

பழைய அனுமதி வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். கனடாவின் அனுமதி 5 ஆண்டுகளுக்கோ பாஸ்போர்ட் காலாவதியாகும் வரையோ, எது முன்னதோ அதுவரை செல்லும். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழைய அனுமதி புதிய பாஸ்போர்ட்டுக்குத் தானாக வராது. இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், எதைக் கொண்டு விண்ணப்பித்தாரோ அதையே எடுத்துச் செல்ல வேண்டும்.

முந்தைய இரவில் பிழை தெரிந்தாலும் உடனே மீண்டும் விண்ணப்பியுங்கள். கனடாவில் பெரும்பாலான முடிவுகள் சில நிமிடங்களில் வந்துவிடுகின்றன. ஆனால் கூடுதல் ஆவணம் கேட்கப்பட்டால் சில நாள்கள் ஆகும். அமெரிக்கா குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்வதும் இப்படிப்பட்ட தாமதத்துக்கு இடம் விட்டுத்தான்.

விமான நிறுவனத்தின் செயலியில் போர்டிங் பாஸ் வந்துவிட்டது என்பதை அனுமதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆவணங்களை மேசையிலோ வாயிலிலோ பிறகு சரிபார்ப்பதும் உண்டு. அதேபோல, செயலி போர்டிங் பாஸ் தர மறுத்தால் அனுமதி இல்லை என்றும் பொருள் கொள்ள முடியாது. முடிவு வராமல் புறப்படும் நேரம் நெருங்கினால், விமானம் கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்தை அழைத்துத் தேதியை மாற்றக் கேளுங்கள். கிளம்பிய பிறகு கேட்டால், வராத பயணி என்ற கணக்கில் சேர்ந்து, திரும்பி வரும் பயணமும் சேர்த்து ரத்தாகிவிடக்கூடும்.